ஆடியில் தைத்த பார்சலும் ஐப்பசியில் ஏறும் பெட்டியும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குத் தீபாவளிப் பார்சல் போய்ச் சேர வேண்டுமென்றால், முன்பெல்லாம் ஆடி மாதத்திலேயே தபால் நிலையத்துக்குப் போயாக வேண்டும். கப்பல் தபாலுக்கு இரண்டு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். விமானத் தபால் இருந்தது. ஆனால் அதற்கான கட்டணம், உள்ளே வைக்கும் வேட்டி சட்டையின் விலையைத் தாண்டிவிடும். மாதச் சம்பளக் குடும்பங்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடல் வழியே போகட்டும் என்று முடிவெடுத்தார்கள்.

எண்பதுகளில் எங்கள் அத்தை கும்பகோணத்திலிருந்து மகனுக்கு அனுப்பிய பார்சல்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முறுக்கும் அதிரசமும் அதில் போகாது. எண்ணெய்ப் பலகாரம் இரண்டு மாதம் கப்பலின் வெக்கையில் கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும். அதனால் காய்ந்த பொருளாகத் தேர்ந்தெடுப்பார்: அப்பளம், வெயிலில் நன்றாகச் சுருண்ட வடகம், பருப்புப் பொடி, காபி ஃபில்டர், இட்லித் தட்டு, அவனுக்கு ஒரு வேட்டி. எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே காடாத் துணியைச் சுற்றி, கோணி ஊசியால் நெருக்கமாகத் தைப்பார். தையல் ஓடும் இடங்களில் விரல் அகல இடைவெளிக்கு ஒரு அரக்கு முத்திரை. வழியில் யாராவது பிரித்தால் முத்திரை உடைந்து காட்டிக்கொடுக்கும். பெரிய தபால் நிலையங்களின் வாசலில் இந்தத் தையலையும் அரக்கையும் தொழிலாகச் செய்து கொடுக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு சுங்கப் படிவம். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் அச்சிட்டிருக்கும், ஏனென்றால் உலகத் தபால் ஒன்றியத்தின் ஆட்சிமொழி பிரெஞ்சு. உள்ளே என்ன, எவ்வளவு எடை, என்ன மதிப்பு என்ற மூன்று பத்திகளைத் தபால் நிலையத்துக் குமாஸ்தாவே பேனாவால் நிரப்பிக் கொடுப்பார். ‘வீட்டுச் சாமான்கள், அன்பளிப்பு’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பார்சல் கிளம்பிய பிறகு அதைப் பற்றி எந்தச் சேதியும் கிடையாது. ஐப்பசியில் அல்லது கார்த்திகையில் மகனிடமிருந்து ஏரோகிராம் வரும்போதுதான் அது போய்ச் சேர்ந்தது தெரியும். அந்தக் கடிதமும் வந்து சேரப் பத்து நாளுக்கு மேலாகும்.

பலகாரம் அனுப்ப வேறு வழி இருந்தது. ஊரில் யாராவது அமெரிக்கா கிளம்புகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவர்கள் கையில் கொடுத்தனுப்புவது. அப்போது அமெரிக்கா போகும் சாதாரண வகுப்புப் பயணிக்கு, தலா 32 கிலோவில் இரண்டு பெட்டிகள் இலவசம். படிக்கப் போகும் பையனுக்கு அவ்வளவு சாமான் இருக்காது. மிச்ச இடத்தைத் தெருவில் உள்ளவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ‘ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம் மாமி’ என்று அந்தப் பையனின் அம்மா சொல்லிவிட்டுப் போவார், ஆளுக்கு ஒன்றரைக் கிலோ வந்து சேரும். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்று விமான நிறுவனங்கள் குறைத்ததும் அந்த வழி சுருங்கியது. ‘உன் பெட்டியை நீயே கட்டினாயா, பிறர் கொடுத்த பொருள் ஏதாவது உள்ளதா’ என்று விமான நிலையத்தில் அழுத்திக் கேட்கத் தொடங்கிய பிறகு, கேட்கிறவர்களுக்கும் கூச்சம், வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் பயம்.

இன்று நிலைமை வேறு. தாலுகா ஊர்களில்கூட வெளிநாட்டுக் கூரியர் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து எடை போட்டு எடுத்துப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை சுட்ட முறுக்கு அடுத்த வாரத்துக்குள் டெக்சாஸில் தட்டில் இருக்கிறது. தூரம் என்ற பழைய தடை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் பார்சல்கள் இன்றும் நிற்கின்றன. அன்று கடலில் கழிந்த காலம் இன்று சுங்க அதிகாரியின் மேசையில் கழிகிறது. அந்த மேசையில் நம் பெட்டி எத்தனை நாள் கிடக்கும் என்பதை, நாம் எழுதிக் கொடுத்த பொருள் பட்டியல்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அனுப்புகிற பல குடும்பங்களுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. ஊசியையும் நூலையும் கவனித்த அளவுக்கு நாம் அந்தப் பட்டியலைக் கவனிப்பதில்லை.

2025 தீபாவளிக்கு இது பலருக்கும் நேரடியாக உறைத்தது. 2016 முதல் அமெரிக்காவுக்குள் 800 டாலர் மதிப்பு வரையிலான சரக்கு தீர்வை இல்லாமல் நுழைந்துகொண்டிருந்தது. எண்ணூறு டாலருக்கு நம் வீட்டுப் பார்சல்கள் பெரும்பாலும் எட்டாது என்பதால், மதிப்பு என்ன எழுதினாலும் யாரும் கவலைப்படவில்லை. அந்தச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அமெரிக்க அரசு நிறுத்தியது. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாததால், தபால் மூட்டைகளை ஏற்றிச் செல்ல விமான நிறுவனங்கள் மறுத்தன. ஆகஸ்ட் 25 முதல் இந்தியத் தபால் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்தியது. முதலில் கடிதங்களுக்கும் 100 டாலருக்கு உட்பட்ட அன்பளிப்புகளுக்கும் விலக்கு இருந்தது, மாத இறுதியில் அதுவும் போனது. சேவை திரும்பியது அக்டோபர் 15ஆம் தேதி. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. தபாலை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்கு அந்த ஐந்து நாள் போதவில்லை. தனியார் கூரியருக்குப் போனவர்கள் கூடுதல் பணம் கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்த தபால் சேவையில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. முன்பு தீர்வை இருந்தால் அங்கே பெட்டியை வாங்குகிறவர் கட்டுவார். இப்போது அனுப்புகிறவரே இங்கே தபால் நிலையத்தில், பதிவு செய்யும்போதே கட்ட வேண்டும். அந்த அக்டோபரில் அது சொன்ன மதிப்பில் 50 சதவீதமாக இருந்தது. விகிதம் அடிக்கடி மாறுவதால், அனுப்பும் நாளில் கவுண்டரில் கேட்டுக்கொள்வதே சரி. மாறாமல் நிற்பது பழைய ஒரு விதி: ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு அனுப்பும் உண்மையான அன்பளிப்பு, ஒரே நாளில் ஒருவருக்கு 100 டாலருக்குள் இருந்தால் தீர்வை இல்லை. எண்ணூறு டாலர் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத இந்த விதிதான் இன்று நம் வீட்டுப் பார்சலுக்கு முழு ஆதாரம்.

அதை என் அக்கா எப்படிப் பயன்படுத்தினார் என்பதைச் சொன்னால் விளங்கும். டாலஸ் பக்கத்தில் மகள், மருமகன், ஆறு வயதுப் பேத்தி. மகளுக்குப் பட்டுப்புடவை, மருமகனுக்கு வேட்டி சட்டை, பேத்திக்குப் பாவாடை சட்டை, பிறகு முறுக்கு, அதிரசம், தீபாவளி மருந்து. பட்டுப்புடவை மட்டும் பதினெட்டாயிரம் ரூபாய். 100 டாலர் என்பது இன்றைய மாற்று விகிதத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு முன்பின். புடவை எல்லையை இருமடங்கு தாண்டுகிறது. இங்கே பலர் தவறாக நினைப்பது, தாண்டிய தொகைக்கு மட்டும்தான் தீர்வை என்று. அப்படியில்லை. எல்லையைத் தாண்டினால் அன்பளிப்புச் சலுகையே போய்விடும், முழு மதிப்புக்கும் தீர்வை விழும்.

‘பத்து டாலர்னு எழுதிடலாம்மா, யாரும் பார்க்க மாட்டாங்க’ என்று ஏஜென்ட் சொன்னார். அக்கா சம்மதிக்கவில்லை. அவர் மறுத்தது சரி. ஜரிகைப் பட்டைப் பார்த்தாலே பத்து டாலர் இல்லை என்று அதிகாரிக்குத் தெரியும். அவர் மதிப்பை மாற்றி எழுதலாம், பெட்டியை நிறுத்தி ரசீது கேட்கலாம். அதைவிடக் கவலை, பெட்டி தொலைந்துபோனால் எழுதிய மதிப்புக்கு மேல் ஒரு பைசா கேட்க முடியாது. பட்டுப்புடவையை அக்கா வீட்டிலேயே வைத்துக்கொண்டார், மகள் விடுமுறைக்கு வரும்போது கட்டிக்கொள்ளட்டும் என்று. அதற்குப் பதிலாக இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு சுங்குடிப் புடவை எடுத்தார்.

அடுத்தது மூன்று பேருக்கும் ஒரே பெட்டியில் அனுப்புவது. ஒரு பெட்டிக்குள் பலருக்கான அன்பளிப்பு வைக்க அமெரிக்கச் சுங்கம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றப்பட்டு, அதன் மேல் பெறுபவர் பெயரும் மதிப்பும் இருக்க வேண்டும். பட்டியலிலும் அப்படியே தனித்தனியாக வர வேண்டும். அப்போதுதான் நூறு டாலர் எல்லை ஆளுக்கு ஆள் கணக்கிடப்படும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு மகள் பெயரை மட்டும் எழுதினால், மொத்தமும் அவள் ஒருத்தியின் கணக்கில் சேரும். அக்கா மூன்று துணி மூட்டைகளைத் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, மூன்று பெயர் ஒட்டினார். பலகாரத்தை மகள் பெயரில் சேர்த்தார். மூன்றுமே எல்லைக்குள் அடங்கின.

பலகாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரிப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்படி, அமெரிக்காவுக்குள் வரும் உணவுப் பொருளைப் பற்றி அங்குள்ள உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். தபாலில் போவதென்றால் அனுப்புவதற்கு முன்பே அறிவித்து, அதற்குக் கிடைக்கும் உறுதி எண்ணைப் பார்சலோடு வைக்க வேண்டும். ஆனால் ஒருவர் தம் வீட்டில் தாமே செய்து, தாமே தனிப்பட்ட அன்பளிப்பாக இன்னொருவருக்கு அனுப்பும் உணவுக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. அம்மா கையால் சுட்ட முறுக்குக்கு அந்தச் சட்டத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். அதனால் பட்டியலில் ‘ஸ்வீட்ஸ்’ என்று பொதுவாக எழுதாமல், ‘வீட்டில் செய்த அரிசி முறுக்கு, ஒரு கிலோ, அன்பளிப்பு’ என்று ஆங்கிலத்தில் விவரமாக எழுதச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய டப்பா என்றால் முன்னறிவிப்பை ஏஜென்ட் செய்தாரா, அதன் எண் பெட்டியோடு போகிறதா என்று கேளுங்கள். உணவுப் பொருளோடு போய் நிற்கும் பெட்டிகளில் நான் அடிக்கடி கேள்விப்படும் காரணம் இதுதான்.

விவரமாக எழுதுவது இப்போது சம்பிரதாயம் இல்லை. 2021 முதல் அமெரிக்காவுக்குப் போகும் தபால் பார்சலின் விவரங்கள் மின்னணுத் தரவாகப் பெட்டிக்கு முன்பே அங்கே போய்ச் சேர வேண்டும். அத்தையின் படிவத்தைப் பெட்டி கப்பலிலிருந்து இறங்கிய பிறகு ஒருவர் கண்ணால் படித்தார். இன்று பெட்டி விமானம் ஏறும் முன்பே பட்டியல் அலசப்படுகிறது. ‘அன்பளிப்பு’ என்று ஒரே சொல் எழுதினால் அந்த அலசலில் எதுவும் கிடைக்காது, அப்படிப்பட்ட பெட்டியைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். விபூதி, கோலப்பொடி போன்றவை பெயரில்லாத பாலிதீன் பையில் போனால் அதிகாரிக்கு அவை வெறும் வெள்ளைப் பொடி. கடை உறையோடு, பெயரோடு அனுப்புங்கள், அல்லது அனுப்பாதீர்கள்.

நம் அம்மாக்கள் விடாமல் பெட்டிக்குள் செருகும் இரண்டு பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒன்று கறிவேப்பிலை. கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பம். கறிவேப்பிலைச் செடியில் வாழும் ஒரு சிறு பூச்சி, ஆரஞ்சு மரங்களைக் காய வைக்கும் பச்சையாதல் நோயைப் பரப்புகிறது. ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அந்த நோயால் பெரும் நாசம் கண்டவை. அதனால் வெளிநாட்டிலிருந்து கறிவேப்பிலை வருவதை அமெரிக்க வேளாண் துறை தடுக்கிறது. ஒரு ஈர்க்கு கிடைத்தாலும் எடுத்து அழித்துவிடுவார்கள், அதைத் தேடும்போது மற்ற பொருள்களும் கலைக்கப்படும். இன்னொன்று அரிசி. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று ஆசையாக இரண்டு கிலோ வைக்கிறார்கள். தானியக் கிடங்குகளை அழிக்கும் கப்ரா வண்டு இந்தியாவில் இருப்பதால், இங்கிருந்து தனிநபர் அனுப்பும் அரிசிக்கு 2011 முதல் அங்கே அனுமதி இல்லை. அரைத்துச் சுட்ட முறுக்காகப் போனால் இந்தப் பிரச்சினை இல்லை, வண்டு உயிரோடு போக வழியில்லை. பால்கோவாவையும் தவிர்த்துவிடுங்கள். கால்நடைகளுக்குக் கோமாரி நோய் உள்ள நாடு என்பதால் இந்தியப் பால் பொருள்கள் மீது கட்டுப்பாடு இருக்கிறது, தவிர ஒரு வாரம் தாங்கவும் தாங்காது.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். அன்று தராசு காட்டிய எடைதான் கட்டணம். இன்று கூரியரில் பெட்டியின் கொள்ளளவும் எடையாகக் கணக்கிடப்படுகிறது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000ஆல் வகுப்பார்கள். வருகிற எண், தராசு எடை இரண்டில் எது அதிகமோ, அதற்குத்தான் பணம். முறுக்கு இந்தக் கணக்கில் நமக்கு எதிரி, எடை குறைவு, இடம் அதிகம். அக்கா முதலில் கட்டிய பெட்டி 45க்கு 35க்கு 30. பெருக்கினால் 47,250. ஐயாயிரத்தால் வகுத்தால் 9.45, அரைக் கிலோ அளவுக்கு ஏற்றினால் ஒன்பதரைக் கிலோ. தராசில் அந்தப் பெட்டி ஐந்து கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியது. நான்கு கிலோவுக்கு மேல் வெறும் காற்றுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

அவர் பெட்டியைப் பிரித்து மறுபடி அடுக்கினார். வட்ட முறுக்கைத் தள்ளி வைத்துவிட்டு, நெருக்கமாக அடங்கும் தட்டையும் சீடையும் செய்தார். டப்பாக்களை எடுத்துவிட்டு, காற்றை உறிஞ்சி ஒட்டும் பைகளில் அதிரசத்தை மாற்றினார். உடையக்கூடியவற்றைச் சுற்றி, அனுப்ப வேண்டிய துணிகளையே மெத்தையாக வைத்தார். புதிய பெட்டி 40க்கு 30க்கு 22. கணக்குப் போட்டால் 5.28, ஐந்தரைக் கிலோவுக்குக் கட்டணம். அதே அன்பளிப்பு, நான்கு கிலோ கட்டணம் மிச்சம். ஏஜென்ட் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அளவுநாடாவை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பெட்டி மூடி டேப் ஒட்டிய பிறகு யாருக்கும் மறுபடி அடுக்க மனம் வராது.

போய்ச் சேர்கிற வரை பார்த்துக்கொண்டிருக்க முடிவது இன்றைய பெரிய வசதி. தபாலின் விரைவுச் சேவையில் அனுப்பினால் பதிமூன்று எழுத்துக்குறிகள் கொண்ட ஓர் எண் கிடைக்கும், E-யில் தொடங்கி IN என்று முடியும். அதே எண்ணை அமெரிக்கத் தபால் துறையின் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம். `Inbound Into Customs` என்ற வரி வந்து, மூன்று நான்கு வேலை நாளாகியும் அடுத்த வரி வரவில்லை என்றால், பெட்டி மேசையில் நிற்கிறது என்று பொருள். அப்போது இங்கிருந்து ஏஜென்டை நச்சரிப்பதால் பெரிய பலன் இல்லை. அங்கே பெறுபவரின் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ரசீதோ விளக்கமோ கேட்டுச் செய்தி வந்திருக்கும், பல நேரம் அதை விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமல் விட்டிருப்பார்கள். பெட்டி கிளம்பிய அன்றே மகளிடம் எண்ணைக் கொடுத்து, கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லச் சொல்லுங்கள். பெட்டிமேல் எழுதுகிற கைபேசி எண்ணும் அவளுடைய இப்போதைய எண்ணாக இருக்கட்டும்.

மற்ற நாடுகளுக்கு எல்லை வேறு. பிரிட்டனில் அன்பளிப்புக்கு வரி இல்லாத எல்லை 39 பவுண்டு, கனடாவில் 60 கனடிய டாலர், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ. சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் குருமாப் பொடியில்கூடக் கசகசா சேர்க்காதீர்கள், இரு நாடுகளிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், தண்டனையும் கடுமை.

2026ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சனி ஞாயிறு கழித்து, சுங்கத்தில் ஒரு வாரம் நின்றாலும் கையில் மிச்சம் இருக்கும்படி பார்த்தால், பெட்டி அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் கிளம்ப வேண்டும். ஆயுத பூஜைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஏஜென்டுகளிடம் பெட்டிகள் மலையாகக் குவிந்திருக்கும். மாவு அரைக்கும் முன் பட்டியலை எழுதுங்கள், யார் யாருக்கு என்ன, எவ்வளவு எடை, என்ன விலை என்று. துணி ரசீதுகளைக் கிழித்துப் போடாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அதற்குப் பிறகு மூட்டினால் போதும்.